நகர வழியில்லாத ராஜா

செஸ் பலகையில் மூன்றே காய்கள். கறுப்பு ராஜா h8 மூலையில் நிற்கிறது. வெள்ளை ராஜா g6-இல், வெள்ளை ராணி c7-இல். ஆட வேண்டியது வெள்ளை. கட்டங்களின் பெயர் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சொல்: வெள்ளை ஆடுபவரின் இடது கையிலிருந்து வலது கை வரை எட்டு நெடுவரிசைகளுக்கு a முதல் h வரை பெயர், அவர் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை எட்டுப் படுக்கை வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண். ஆகவே h8 என்பது வெள்ளையின் பார்வையில் வலது கைப்பக்கத்துத் தூர மூலை.

இப்போது ராணியை ஏழாம் வரிசையிலேயே நான்கு கட்டம் வலப்பக்கம் தள்ளி g7-இல் வைத்தால் ஆட்டம் முடிந்தது. ராணி h8-ஐக் குறுக்காகத் தாக்குகிறது, அதாவது செக். தப்பிக்க g8, h7 என்று இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டும் ராணியின் பார்வையில். ராணியையே வெட்டலாமா என்றால் அதற்குப் பின்னால் வெள்ளை ராஜா காவல் நிற்கிறது. செக்மேட், வெள்ளைக்கு ஒரு முழுப் புள்ளி.

அதே ராணியை நான்குக்குப் பதில் மூன்று கட்டம் தள்ளி f7-இல் வைத்தால்? g8, g7, h7 என மூன்று வாசல்களும் அடைபடுகின்றன. கறுப்பு ராஜாவுக்குக் கால் வைக்க இடமில்லை. ஆனால் அது நிற்கும் h8-ஐ யாரும் தாக்கவில்லை. செக் இல்லை, நகரவும் வழியில்லை. இது ஸ்டேல்மேட். ஆட்டம் அங்கேயே நின்றுவிடும், ஆளுக்கு அரைப் புள்ளி. ஒரு முழு ராணி அதிகமாக வைத்திருந்தவருக்கும் ஒன்றுமே இல்லாதவருக்கும் ஒரே கூலி.

புதிதாக ஆடக் கற்றவர்களுக்கு இது அநியாயமாகப் படும். எதிரியின் ராஜாவை அசையவிடாமல் மூலையில் அடைத்ததற்கு இதுவா பரிசு என்று கேட்பார்கள். விதி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால்தான் விளங்கும். செஸ்ஸில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை. அடுத்த நகர்த்தலில் வெட்டப்படுவது உறுதி, தடுக்க வழியில்லை என்று ஆனவுடனே ஆட்டத்தை முடித்துவிடுகிறோம். அதுதான் மேட். ராஜாவைத் தானாகக் கொண்டுபோய் எதிரியின் தாக்குதலில் வைப்பது விதிப்படி செல்லாது. தோற்கும் நகர்த்தல் என்றுகூட அதைச் சொல்ல முடியாது, அது நகர்த்தலே இல்லை. இன்னொரு விதி, முறை வந்தால் ஆடியே தீர வேண்டும், ‘பாஸ்’ சொல்ல முடியாது. ஸ்டேல்மேட்டில் இந்த இரண்டு விதிகளும் நேருக்கு நேர் முட்டிக்கொள்கின்றன. ஒன்று ஆடு என்கிறது. மற்றது ஆடக்கூடியது எதுவுமே இல்லை என்கிறது. அந்த முட்டுக்கட்டையிலிருந்து வெளியேற யாரோ ஒரு தீர்ப்பு சொல்லியாக வேண்டும். டிரா என்பது அப்படி மனிதர்கள் சொன்ன ஒரு தீர்ப்பு.

வேறு தீர்ப்புகளும் இருந்திருக்கின்றன. சீனச் சதுரங்கத்தில் இன்றும் ஆட வழியில்லாதவர் தோற்றவர். இங்கிலாந்திலோ 17-ஆம் நூற்றாண்டிலிருந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் நேர் எதிரான வழக்கம் இருந்தது: எதிரியை ஸ்டேல்மேட் செய்தவர்தான் தோற்றவர்! 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் ஆட்டக்காரர் ஜேக்கப் சாரட் போன்றவர்களின் முயற்சியால்தான் அங்கே டிரா என்ற விதி நிலைபெற்றது.

ஸ்டேல்மேட்டுக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. ராஜா மட்டும் முடங்கினால் போதாது. அந்தப் பக்கத்தின் எல்லாக் காய்களும் முடங்கியிருக்க வேண்டும். முதலில் சொன்ன நிலையில் கறுப்புக்கு a5-இல் ஒரு சிப்பாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ராணி f7-க்கு வந்தால் கறுப்பு ராஜாவுக்கு வழியில்லை, ஆனால் சிப்பாயை a4-க்குத் தள்ளலாம். தள்ளித்தான் ஆக வேண்டும். அடுத்த நகர்த்தலில் ராணி g7-க்கு வந்து மேட். சிப்பாய் இல்லாவிட்டால் அரைப் புள்ளி, சிப்பாய் இருந்தால் சுழி. கையில் இருக்கும் காயே கழுத்தை அறுக்கும் இடம் செஸ்ஸில் இது. தோற்கும் பக்கத்தின் வேலைத்திட்டம் இதிலிருந்தே புரிந்துவிடும்: நகரக்கூடிய காய்களை ஒழித்துக்கட்டு, ராஜாவை ஓரத்துக்குக் கொண்டுபோ. ஓரத்தில்தான் மேட்டும் எளிது, ஸ்டேல்மேட்டும் எளிது. நடுப்பலகையில் ராஜாவுக்கு எட்டு வாசல், ஓரத்தில் ஐந்து, மூலையில் மூன்றுதான்.

மூலையின் மூன்று வாசல்களையும் செக் கொடுக்காமலே தனி ராணி அடைக்கக்கூடிய கட்டங்கள் இரண்டே. h8 மூலைக்கு அவை f7, g6. a1 மூலைக்கு b3, c2. மூலையில் ஒரு குதிரை நின்றால் அது தாவக்கூடிய இரண்டு கட்டங்கள் அவை. மற்ற எங்கு நின்றாலும் ராணி செக் கொடுத்துக்கொண்டிருக்கும், அல்லது ஏதாவதொரு வாசல் திறந்திருக்கும். இந்தக் குதிரைத் தாவலை மனதில் வைத்துக்கொண்டால் என்ட்கேமின் சில விசித்திரங்கள் தானாகவே அவிழும். கொஞ்சம் பின்னால் அதற்கு வருகிறேன்.

முதலில், ஸ்டேல்மேட் மிக அதிகமாக வேலை செய்யும் இடம். எதிரிக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும், நமக்கு வெறும் ராஜா. சிப்பாய் கடைசி வரிசையை எட்டினால் ராணியாகும், பிறகு தோல்விதான். வெள்ளை ராஜா d5, வெள்ளைச் சிப்பாய் e5, கறுப்பு ராஜா e7. வெள்ளை ஆடுகிறது: சிப்பாய் e6.

கறுப்பு பின்வாங்க வேண்டும். d8, e8, f8 என்று மூன்று கட்டங்கள் கண்ணில் படும். பார்க்க மூன்றும் ஒன்றுபோலத்தான். ஆனால் e8 மட்டுமே காப்பாற்றும். நேர் பின்னால் போக வேண்டும், ஏனென்றால் வெள்ளை ராஜா அடுத்து முன்னேறும்போது அதற்கு எதிரே, நடுவில் ஒரு கட்டம் மட்டும் விட்டு, முகத்துக்கு முகம் நிற்கும் உரிமை நம்மிடம் இருக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் இதை ஆப்போசிஷன் என்பார்கள். கறுப்பு ராஜா e8. வெள்ளை ராஜா d6. கறுப்பு ராஜா d8, எதிரெதிர். வெள்ளைச் சிப்பாய் e7, செக். கறுப்பு ராஜா e8, சிப்பாயின் மூக்குக்கு முன்னால். இப்போது வெள்ளைக்குச் சிப்பாயைக் காப்பாற்ற ஒரே வழி, ராஜாவை e6-க்குக் கொண்டுவருவது. கொண்டுவந்தால் d8, f8 இரண்டையும் சிப்பாய் பார்க்கிறது, d7, f7 இரண்டையும் ராஜா பார்க்கிறது, e7 சிப்பாய்க்குக் காவல் இருக்கிறது. கறுப்பு ராஜாவுக்குச் செக் இல்லை, வழியும் இல்லை. ஸ்டேல்மேட். e6-க்கு வராமல் வேறெங்காவது போனால் சிப்பாய் வெட்டுப்படும். எப்படிப் பார்த்தாலும் டிரா.

தவறான கட்டத்துக்குப் போனால் என்ன ஆகிறது? e6 வந்ததும் கறுப்பு ராஜா d8-க்குப் போனது என்று கொள்வோம். வெள்ளை ராஜா d6-க்கு வந்து தானே முகத்துக்கு முகம் நிற்கிறது. நகர வேண்டியது கறுப்பு. கறுப்பு ராஜா e8. இப்போது சிப்பாய் e7. கவனியுங்கள், இந்த முறை செக் இல்லை. கறுப்பு ராஜா எட்டில் நின்றபடி ஸ்டேல்மேட் ஆகியிருக்கலாம், ஆனால் f7 என்ற ஒற்றை வாசல் திறந்திருக்கிறது. திறந்திருப்பதால் அதில் போயே தீர வேண்டும். போனதும் வெள்ளை ராஜா d7, அடுத்து சிப்பாய் ராணியாகிறது. பயிற்சியாளர்கள் இதை ஒரு வரியில் சொல்லிக் கொடுப்பது உண்டு: சிப்பாய் ஏழாம் வரிசைக்குச் செக்குடன் வந்தால் டிரா, செக் இல்லாமல் வந்தால் தோல்வி. காதுக்கு முரணாக ஒலிக்கும். செக் என்றால் ஆபத்து என்றுதானே பழகியிருக்கிறோம்.

இந்தத் தற்காப்புக்கு எல்லை உண்டு. வெள்ளை ராஜா சிப்பாய்க்குப் பின்னாலோ பக்கத்திலோ இருக்கும்வரைதான் இது. ராஜா சிப்பாயை முந்தி ஆறாம் வரிசையை எட்டிவிட்டால், உதாரணமாக ராஜா e6, சிப்பாய் e5 என்று நின்றால், யார் முறையானாலும் கறுப்புக்கு மீட்சி இல்லை. விதிவிலக்கு ஓரத்துச் சிப்பாய்கள், a அல்லது h வரிசையில் போகிறவை. அங்கே கறுப்பு ராஜா மூலையை அடைந்துவிட்டால் போதும். வெள்ளை ராஜா எங்கு நின்றாலும் மூலையிலிருந்து அதை வெளியே துரத்த முடியாது. துரத்த நெருங்கினால் ஸ்டேல்மேட், நெருங்காவிட்டால் சிப்பாய் ராணியாகாது. கூடவே ஒரு பிஷப் இருந்தால்கூட, அந்தப் பிஷப் மூலைக் கட்டத்தின் நிறத்தில் ஓடாததாக இருந்தால் இதே கதைதான். ஒரு பிஷப்பும் ஒரு சிப்பாயும் கூடுதலாக இருந்தும் வெல்ல முடியாத நிலை!

இனி அந்தக் குதிரைத் தாவல். ஒரு பக்கத்திடம் ராணி, இன்னொரு பக்கத்திடம் இன்னும் ஒரே நகர்த்தலில் ராணியாகப்போகும் சிப்பாய். வெள்ளையிடம் ராணி, கறுப்புச் சிப்பாய் இரண்டாம் வரிசையில், கறுப்பு ராஜா அதன் பக்கத்தில், வெள்ளை ராஜா வெகுதூரத்தில். சிப்பாய் d2-இல் இருந்தால் வெள்ளை வெல்லும். முறை இது: ராணி செக் மேல் செக் கொடுத்து நெருங்கி, கறுப்பு ராஜாவைச் சிப்பாய்க்கு முன்னால் d1-இல் போய் நிற்கும்படி கட்டாயப்படுத்துகிறது. கறுப்பு ராஜா e1-இல் இருக்கும்போது ராணி e3-இலிருந்து செக் கொடுத்தால், f1-க்கு ஓடினால் சிப்பாய் போச்சு, ஆகவே d1-தான். ராஜாவே வழியை மறித்துக்கொண்டதால் சிப்பாய் அந்த ஒரு முறை ராணியாக முடியாது. அந்த ஓய்வில் வெள்ளை ராஜா ஓரடி நெருங்குகிறது. மறுபடி செக், மறுபடி d1, மறுபடி ஓரடி. கடைசியில் ராஜாவும் ராணியும் சேர்ந்து சிப்பாயைச் சாப்பிடுகின்றன.

சிப்பாய் c2-இல் இருந்தால்? கறுப்பு ராஜா b1-இல் நிற்க, ராணி b3-இலிருந்து செக் கொடுக்கிறது. c1-க்குப் போய் வழியை மறித்துக்கொள்ளும் என்று வெள்ளை எதிர்பார்க்கிறது. கறுப்பு ராஜா போவதில்லை. a1 மூலைக்குள் நுழைகிறது. சிப்பாய் அனாதையாக நிற்கிறது, தாராளமாக வெட்டலாம். வெட்டினால் ராணி இறங்கும் கட்டம் c2. a1 மூலையிலிருந்து சரியாக ஒரு குதிரைத் தாவல் தூரம். மூன்று வாசலும் அடைப்பு, செக் இல்லை, கறுப்பிடம் வேறு காயும் இல்லை. ஸ்டேல்மேட். வெட்டாவிட்டால் அடுத்து சிப்பாய் ராணியாகும். ஆகவே வெள்ளை மீண்டும் செக் கொடுத்து இழுத்துக்கொண்டே போக வேண்டியதுதான். ராஜாவை நகர்த்த ஓய்வே கிடைப்பதில்லை.

சிப்பாய் a2-இல் இருந்தால் கதை இன்னும் சுருக்கம். ராணி b3 செக், கறுப்பு ராஜா a1. இப்போது சிப்பாயும் தன் ராஜாவால் மறிக்கப்பட்டிருக்கிறது, ராஜாவும் ராணியால் அடைபட்டிருக்கிறது. b3 இன்னொரு குதிரைத் தாவல் கட்டம். வெள்ளை தன் ராஜாவை ஓரடி நகர்த்தினால் அந்தக் கணமே ஸ்டேல்மேட். நகர்த்த முடியாமல் ராணி விலகியாக வேண்டும், விலகினால் கறுப்பு ராஜா வெளியே வரும். b2-இல் உள்ள சிப்பாய்க்கு இந்தச் சலுகை கிடையாது, ஏனென்றால் ராஜா a1-க்குள் நுழைந்தாலும் ராணி a வரிசையிலிருந்து செக் கொடுத்து அதைச் சிப்பாய்க்கு முன்னால் b1-க்கு இழுத்துவிடும். ஆக, பாடப்புத்தகங்கள் ‘யானைச் சிப்பாய், பிஷப் சிப்பாய் என்றால் டிரா, மற்றவை தோல்வி’ என்று மனப்பாடம் செய்யச் சொல்வதன் பின்னால் இருப்பது வெறும் மூலை வடிவியல்.

இங்கேயும் எல்லை உண்டு. வெள்ளை ராஜா ஏற்கெனவே பக்கத்தில் இருந்தால் கறுப்பின் கணக்கு உடைந்துவிடும். a2 சிப்பாய் ராணியாகி a1-இல் வந்து உட்கார்ந்த பிறகுகூட, கறுப்பு ராஜா b1-இல் அகப்பட்டுக்கிடக்க, வெள்ளை ராஜா b3-இல் இருந்தால் ராணி c2-க்கு வந்து மேட். புதுராணி பிறந்ததும் தாயும் சேயும் காலி. அதனால் இந்த வகை நிலைகளில் கெட்டிக்கார ஆட்டக்காரர் முதலில் எண்ணுவது ராணியின் செக்குகளை அல்ல, தூரத்து ராஜா எத்தனை அடியில் இருக்கிறது என்பதை.

இதுவரை பார்த்ததெல்லாம் ராஜாவோடு அதிகபட்சம் ஒரு சிப்பாய் வைத்திருக்கும் எளிய பக்கம். நகரக்கூடிய பெரிய காய் ஒன்று மிச்சமிருந்தால் அதை ஒழிக்க வேண்டும். எதிரி எடுக்க மாட்டேன் என்று மறுக்க முடியாதபடி செக்குடன் தர வேண்டும். இந்தக் கலைக்கும் இதற்கான மாற்று மருந்துக்கும் ஒரே நிலையில் உதாரணம் உண்டு. 1895-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பத்திரிகை ஒன்றின் செஸ் பகுதியை பார்பியர் என்பவர் நடத்தினார். அவர் வெளியிட்ட நிலை: வெள்ளை ராஜா b6, சிப்பாய் c7, கறுப்பு ராஜா a1, யானை d5. கறுப்பு முதலில் ஆடி டிரா செய்துவிடும் என்பது அவர் காட்டிய தீர்வு.

யானை d6, செக். வெள்ளை ராஜா b5. யானை d5, செக். ராஜா b4, யானை d4. ராஜா b3, யானை d3. செக் மேல் செக் வாங்கியபடி ராஜா இறங்கி வருகிறது. c வரிசைக்கு நடுவிலேயே போனால் யானை சிப்பாயின் பின்னால் வந்து நிறுத்திவிடும். c2-க்கு வந்த பிறகு செக்குக்கு வழியில்லை. சிப்பாய் ராணியாகப் போகிறது. அப்போது கறுப்பு யானையை d4-க்கு எடுத்துப் போகிறது. ஒரு அர்த்தமும் இல்லாததுபோல் தெரியும். சிப்பாய் c8-இல் ராணியாகட்டும். யானை c4-க்குப் போய்ச் செக் கொடுக்கும். ராணி அதை வெட்டியே ஆக வேண்டும், இல்லையென்றால் ராணி போய்விடும். வெட்டினால் a2-வை c4 ராணி குறுக்காகப் பார்க்கிறது, b1, b2 இரண்டையும் வெள்ளை ராஜா பார்க்கிறது. கறுப்பு ராஜா a1-இல் சிக்கிக்கொண்டது, ஆனால் செக் இல்லை. ஸ்டேல்மேட். தன் யானையைத் தற்கொலை செய்யவைத்து கறுப்பு அரைப் புள்ளி வாங்கிவிட்டது.

அந்த ஊரில் அப்போது இருந்த சாவேத்ரா என்ற ஸ்பானிய பாதிரியார் இந்தத் தீர்வை ஏற்கவில்லை. ஆறாவது நகர்த்தலில் ராணி வேண்டாம், யானையாக மாற்றுங்கள் என்றார். விதிப்படி கடைசி வரிசையை எட்டும் சிப்பாய் யானையாகவோ குதிரையாகவோ பிஷப்பாகவோ மாறலாம். ராணியாகத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இப்போது கறுப்பு c4-இல் யானையைக் கொடுத்தால் வெள்ளை யானை வெட்டும். அந்த யானை a2-ஐப் பார்க்காது, கறுப்பு ராஜாவுக்கு வாசல் உண்டு, ஸ்டேல்மேட் இல்லை. மறுபக்கம், a8-க்கு யானை வந்து மேட் என்ற மிரட்டல் இருக்கிறது. கறுப்பு யானை a4-க்குப் போய்த் தடுக்கிறது. வெள்ளை ராஜா b3. ஒரே அடியில் a4 யானையைத் தாக்குகிறது, c1-இல் மேட் மிரட்டுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் தடுக்க முடியாது. பெரிய ஆட்டக்காரர் என்று யாரும் சாவேத்ராவைச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஒரு நகர்த்தலால் அவர் பெயர் இன்றும் எல்லா என்ட்கேம் புத்தகங்களிலும் இருக்கிறது.

வலுவான பக்கம் ஸ்டேல்மேட்டைத் தவிர்க்கும் பொதுவான வழியும் இதிலிருந்தே வருகிறது. செக் கொடுக்கும் நகர்த்தல் ஒருபோதும் ஸ்டேல்மேட் ஆகாது. ஆபத்து எல்லாம் செக் இல்லாத, அமைதியான நகர்த்தல்களில்தான். ஆகவே வெற்றி கையருகில் இருக்கும்போது ஒவ்வொரு அமைதியான நகர்த்தலுக்கு முன்பும், எதிரி அடுத்து ஆட ஏதாவது நகர்த்தல் பலகையில் இருக்கிறதா என்று விரல் வைத்துக் காட்டிக்கொள்ள வேண்டும். எதிரியின் கடைசிச் சிப்பாயைப் பேராசையோடு வெட்டாமல் விட்டுவைப்பது அனுபவசாலிகளின் பழக்கம். அந்தச் சிப்பாய் ஓடும் வரை ஸ்டேல்மேட் கிடையாது.

இதெல்லாம் பயிற்சிப் புத்தகத்தில் சரி, பெரிய ஆட்டக்காரர்கள் இதில் விழுவார்களா என்று தோன்றலாம். 1946-இல் நெதர்லாந்தின் கிரோனிங்கனில் நடந்த பெரிய போட்டியில் வாசிலி ஸ்மிஸ்லோவ் விழுந்தார். பின்னால் 1957-இல் உலக சாம்பியன் ஆனவர்; என்ட்கேம் ஆடுவதில் இணை இல்லாதவர் என்று பெயரெடுத்தவர். எதிரே அறுபதைக் கடந்த ஓசிப் பெர்ன்ஸ்டைன். வெள்ளையான பெர்ன்ஸ்டைனிடம் மிஞ்சியது ராஜாவும் யானையும் மட்டும். ஸ்மிஸ்லோவிடம் யானையும் கூடவே சிப்பாய்களும். வெள்ளை ராஜா f2-இல், வெள்ளை யானை b வரிசையில் கறுப்புச் சிப்பாயைக் குறிவைத்துக்கொண்டு.

ஸ்மிஸ்லோவ் சிப்பாயை b2-க்குத் தள்ளினார். ஒரே ஒரு அடி எடுத்து வைத்தால் ராணி. வெள்ளை யானை அதை வெட்டினால் கறுப்பு யானை h2-க்கு வந்து செக். ராஜா விலக, இரண்டாம் வரிசையிலேயே அதற்குப் பின்னால் நிற்கும் யானை பறிபோகும். அழகான ஒரு சூழ்ச்சி, உலகின் எந்த ஆட்டக்காரரும் விரும்பி ஆடக்கூடியது. பெர்ன்ஸ்டைன் பயப்படாமல் b2-ஐ வெட்டினார்.

இப்போது ஸ்மிஸ்லோவ் உண்மையைப் பார்த்திருக்க வேண்டும். h2-இல் செக் கொடுத்தால் வெள்ளை ராஜா பின்னால் ஓடாமல் முன்னால், f3-க்கு ஏறும். யானையை வெட்டலாம். வெட்டினால் கறுப்பு யானை b2-இலிருந்து இரண்டாம் வரிசை முழுதையும் அடைக்கிறது. மற்றக் கட்டங்களைக் கறுப்பு ராஜாவும் சிப்பாய்களுமே ஏற்கெனவே அடைத்து வைத்திருக்கின்றன. வெள்ளையிடம் ராஜாவைத் தவிர ஒன்றுமில்லை. செக்கும் இல்லை. ஸ்மிஸ்லோவ் அந்தப் பாதையை எடுக்காமல் ராஜாவை g4-க்கு நகர்த்தினார். ஆனால் வெற்றிக்கு ஆதாரமான சிப்பாய் போய்விட்டது, ஆட்டம் டிரா. அவர் செய்த கணக்கில் எண்ணுவதில் தவறில்லை. இரண்டு நகர்த்தல் முன்னால் போய், அங்கே எதிரிக்கு ஆட ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று ஒரு முறை பார்க்கவில்லை, அவ்வளவுதான். வெற்றி பெறுகிறவரின் கண் தன் காய்களின் மேல் இருக்கும். எதிரியிடம் என்ன இல்லை என்பதைப் பார்க்க அதற்குப் பழக்கம் குறைவு.

1978-இல் பிலிப்பைன்ஸின் பாகியோவில் கார்போவும் கோர்ச்னோயும் உலகப் பட்டத்துக்கு மோதினார்கள். இருவரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளாத பகை. ஐந்தாவது ஆட்டத்தில் கோர்ச்னோய் 55-ஆவது நகர்த்தலில் மேட்டுக்குக் கொண்டுபோகும் ஒரு செக்கைத் தவறவிட்டார். பிறகு ஆட்டம் நீண்டு நீண்டு 124-ஆவது நகர்த்தல் வரை போனது. அந்த நகர்த்தலில் கோர்ச்னோய் பிஷப்பை g7-இல் வைத்தார், கார்போவ் ஸ்டேல்மேட். டிரா கேட்பதற்காகப் பேச்சுக் கொடுப்பதைவிட அது சுலபமாக இருந்திருக்கும்போல!

ஆனால் ஸ்டேல்மேட் கலையின் உச்சம் என்று நான் நினைப்பது அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் நடந்தது, 1963-64 போட்டி, நியூயார்க். லாரி எவன்ஸ் வெள்ளை, சாமுவேல் ரெஷெவ்ஸ்கி கறுப்பு. எவன்ஸ் தோல்வி நிலையில். ரெஷெவ்ஸ்கி குழந்தையாக இருந்தபோதே கண்காட்சி ஆட்டங்களில் பெரியவர்களை வென்றவர். வென்ற நிலையை வெற்றியாக்குவதில் இரக்கமில்லாதவர். அவரிடமிருந்து இயல்பாக ஒரு பிழை வர வேண்டும் என்றால் பொறியைப் பார்வையில் வைத்துவிட்டுப் பார்க்காமல் இருக்கச் செய்ய வேண்டும்.

47-ஆவது நகர்த்தலில் எவன்ஸ் h சிப்பாயை h4-க்குத் தள்ளினார். வீணான அடி, தோல்வியை ஒத்திப்போடும் அடி என்று தெரியும். எவன்ஸ் உண்மையில் செய்தது கணக்கைக் குறைப்பது: தன் சிப்பாய்களில் கடைசியாக நகரக்கூடியதை இனி நகர முடியாத இடத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார். ரெஷெவ்ஸ்கி யானையை e2-க்குக் கொண்டுவந்து செக் கொடுத்தார். எவன்ஸின் ராஜா h1 மூலைக்குப் போனது. ரெஷெவ்ஸ்கியின் ராணி g3-க்கு இறங்கியது. மேட் அடுத்த நகர்த்தலில்.

இந்த நிலையில் எவன்ஸின் சிப்பாய்கள் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கின்றன. h1-இல் இருக்கும் ராஜாவுக்கு g1, g2, h2 மூன்றும் அடைப்பு. இரண்டாம் வரிசையைக் கறுப்பு யானையும் g வரிசையைக் கறுப்பு ராணியும் பார்த்துக்கொள்கின்றன. ராஜா செக்கில் இல்லை. ஸ்டேல்மேட் நூற்றுக்கு தொண்ணூறு தயார், இரண்டே இரண்டு காய்கள் மட்டும் மிச்சம், ஒரு ராணி, ஒரு யானை. ஆகவே எவன்ஸ் ராணியை g8-இல் கொண்டுபோய் வைத்தார், செக். கறுப்பு ராஜா வெட்டியே ஆக வேண்டும், வெட்டியது. பிறகு யானை g7-இல் உள்ள சிப்பாயை வெட்டிச் செக். கறுப்பு ராஜா யானையை வெட்டினால் ஸ்டேல்மேட். கறுப்பு ராணி வெட்டினாலும் g வரிசையிலிருந்து விலகாததால் g1, g2 அடைபட்டே இருக்கும், ஸ்டேல்மேட். வெட்டாமல் ராஜா விலகினால் யானை துரத்திக்கொண்டே வரும். எங்கே போனாலும் ஒரு செக். தன்னை யாராவது கொல்ல வேண்டும் என்று மன்றாடியபடி ஓயாமல் செக் கொடுக்கும் யானை. ரெஷெவ்ஸ்கி டிராவுக்குக் கைகொடுத்தார்.

இந்த வகை யானைக்குப் ‘பைத்தியக்கார யானை’ என்று செஸ் உலகில் பெயர் உண்டு. அது வேலை செய்ய மூன்று நிபந்தனை வேண்டும்: மற்ற எல்லாக் காய்களும் முடங்கியிருக்க வேண்டும், ராஜாவின் வாசல்களை அடைத்து வைத்திருக்கும் காய்கள் யானையைப் பிடிப்பதற்காக விலகினாலும் அடைப்பு உடையக்கூடாது, எதிரியின் ராஜா செக் எட்டாத ஒரு கட்டத்தில் போய் ஒளிந்துகொள்ள முடியக்கூடாது. மூன்றாவதுதான் பெரும்பாலும் தவறும். எதிரி ராஜா சிப்பாய்களின் பின்னால் புகுந்துவிட்டால், அல்லது செக்கை இடையில் ஒரு காயை வைத்து மறித்து, அந்தக் காயின் மூலம் அடைப்பைத் திறந்துவிட்டால், யானை பைத்தியம் தெளிந்து உட்கார்ந்துவிடும். எவன்ஸின் நிலையில் ரெஷெவ்ஸ்கியின் ராஜாவுக்கு அப்படி ஒரு ஒளிவிடம் கிடைக்கவில்லை.

அந்தப் போட்டியில் பாபி ஃபிஷர் 11 ஆட்டங்களையும் வென்று முதலிடம் பெற்றார். இரண்டாமிடம் எவன்ஸுக்கு.